பாதி வேலையில் மாறிய அலமாரி: கூடிய தொகையை வாடிக்கையாளருக்கு எப்படி எழுதுவது?

வணக்கம் அண்ணா,

கோவையில் சின்ன மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். 7 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழத்தில் பிளைவுட் அலமாரி ஒன்றுக்கு 1,10,000 ரூபாய் பேசினோம். நான்கு கதவு, ஆட்டோ ஹிஞ்ச். பெட்டியை அறுத்து உள் மைக்கா ஒட்டியாகிவிட்டது. கதவுக்கும் இருபுறமும் மைக்கா ஒட்டி ஹிஞ்ச் குழி போட்டாகிவிட்டது. டிராயரும் வெளிப்பக்க மைக்காவும்தான் பாக்கி. இப்போது அந்த அம்மா ஸ்லைடிங் கதவு வேண்டும், உள்ளே ஆழம் குறையக் கூடாது என்கிறார். 1,60,000 ஆகும் என்று போனில் சொன்னேன். "நாலு கதவு ரெண்டு கதவாகுது, குறையத்தானே வேணும்?" என்று கோபப்படுகிறார். அவருக்கு எப்படி எழுதுவது? பொருள் விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. கதவின் எண்ணிக்கைதான் அவர் கண்ணுக்குத் தெரியும். பெட்டியின் ஆழம் மாறுகிறது என்பதும், அதனால் ஷீட் எப்படி வீணாகிறது என்பதும் தெரியாது. உங்கள் கடிதம் முதலில் அதைத்தான் விளக்க வேண்டும், தொகை அதற்குப் பிறகு வரட்டும். மொத்தமாக ஐம்பதாயிரம் என்று சொன்னால் எந்த வாடிக்கையாளரும் சந்தேகப்படுவார்.

ஹிஞ்ச் கதவு பெட்டிக்கு வெளியே முகப்பில் நிற்கும். ஸ்லைடிங் கதவுகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, பெட்டிக்குள்ளேயே டிராக்கில் ஓட வேண்டும். 18 எம்எம் கதவுகள் இரண்டு, நடுவில் இடைவெளி, டிராக்கின் ஓரம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3¾ இன்ச் போய்விடும். 2 அடிப் பெட்டிக்குள் இதைத் திணித்தால் உள்ளே மிஞ்சுவது 20 இன்ச். ஹேங்கரில் மாட்டிய சட்டைக்குத் தோளும் கையும் சேர்த்து 22 இன்சாவது வேண்டும். 20 இன்சில் மாட்டினால் கை கதவில் உரசும், கதவு ஓடும்போது துணியையும் இழுக்கும். ஆகவே உள் ஆழம் குறையக் கூடாது என்று அவர் கேட்பது சரிதான். அதற்குப் பெட்டியின் ஆழம் 23¾ இன்சிலிருந்து 27½ இன்சாக வேண்டும்.

பணம் கூடும் இடம் இங்கேதான் இருக்கிறது. பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 96 இன்சுக்கு 48 இன்ச். 48 இன்சை நீளவாட்டில் அறுத்தால், ரம்பத் தடிமன் போக, 23¾ இன்ச் பலகை இரண்டு கிடைக்கும். அலமாரிகள் 2 அடி ஆழத்தில் செய்யப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பலகை 27½ இன்சானால் ஒரு ஷீட்டில் ஒன்றுதான் வரும், பக்கத்தில் 20 இன்ச் பட்டை மிஞ்சும். முதல் வடிவத்தில் இரண்டு பக்கப் பலகைக்கு ஒரு ஷீட், மேல்-கீழ்ப் பலகைகளுக்கு ஒரு ஷீட் என இரண்டில் முடிந்த வேலைக்கு இப்போது நான்கு ஷீட் வேண்டும். கூடியது 3¾ இன்ச், ஆனால் ஷீட் இரண்டு மடங்கு. இதை ஒரு தாளில் செவ்வகம் வரைந்து கோடு போட்டு, படம் எடுத்துக் கடிதத்தோடு அனுப்புங்கள். நீளமான விளக்கத்தைவிட அந்தப் படம் வேகமாகப் புரியும்.

அடுத்தது கதவு. அறுத்து வைத்திருக்கும் நான்கும் 21 இன்ச் அகலம். இரண்டை ஒட்டி 42 இன்ச் கதவாக்க முடியாது. நடுவில் மூட்டு தெரியும், ஓட ஓட விட்டுக்கொடுக்கும், 35 எம்எம் ஹிஞ்ச் குழிகளும் அப்படியே இருக்கும். புதிதாக இரண்டு ஷீட் வேண்டும். அவ்வளவு பெரிய கதவு மைக்காவோடு 30 கிலோவைத் தாண்டும், ஓரத்தில் ஹிஞ்ச் பிடிமானமும் இல்லாததால் நாளடைவில் வளையும். வளைந்தால் இரண்டு கதவும் நடுவில் உரசும். அதனால் கதவை நிமிர்த்தி வைக்கும் கம்பியும் கணக்கில் வர வேண்டும். இதைச் செலவு என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த மழைக்காலத்தில் வரும் புகார் அதைவிடச் செலவு.

எது வீணாகவில்லை என்பதையும் அதே கவனத்தோடு எழுதுங்கள். வாடிக்கையாளர் உங்களை நம்பத் தொடங்குவது கழித்த தொகையைப் பார்த்துத்தான். உள்தட்டுகள் ஆறும் அதே அளவில் நிற்கும். நடுத்தடுப்பின் உயரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும். ஹிஞ்ச் பதினாறும் இன்னும் மாட்டவில்லை என்றால் கடையில் திருப்பலாம். டிராயருக்கு வாங்க நினைத்த ஒரு ஷீட்டும் தேவையில்லை. பழைய மேல்-கீழ்ப் பலகைத் துண்டுகள் நான்கும், புது ஷீட்டுகளில் மிஞ்சும் 20 இன்ச் பட்டைகளும் அதற்குப் போதும்.

பழைய கதவுகளும் பக்கப் பலகைகளும் யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். அவற்றுக்கு அவர் பணம் கொடுக்கிறார், ஆகவே அவை அவருடையவை. நீங்கள் வைத்துக்கொள்வதானால் அதற்கொரு விலை போட்டுக் கழியுங்கள். வீணான பொருளின் மேல் லாபம் வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. புதுப் பொருளிலும் கூலியிலும் உங்கள் வழக்கமான விகிதம் இருக்கட்டும். இடையில் பிளைவுட் விலை ஏறியிருந்தாலும் இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம், இரண்டும் கலந்தால் எதற்கு எவ்வளவு என்று யாருக்கும் புரியாது.

உங்கள் விலைப்பட்டியலை வைத்து ஒரு கடிதம் எழுதிப் பார்த்திருக்கிறேன். தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

"வணக்கம் அம்மா. ஸ்லைடிங் கதவு பற்றி நீங்கள் சொன்னதும் வேலையை நிறுத்திவிட்டோம். அதுவரை அறுத்து ஒட்டி முடித்தவற்றின் படங்களை இணைத்துள்ளேன். நான்கு கதவுக்குப் பதில் இரண்டு என்றாலும் தொகை கூடுவதற்குக் காரணம், கதவுகள் பெட்டிக்குள் ஓடுவதால் பெட்டியை 3¾ இன்ச் ஆழமாக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஷீட்டில் இரண்டு பலகை வந்த இடத்தில் இனி ஒன்றுதான் வரும். படத்தில் காட்டியிருக்கிறேன்.

கூடுதல்: பெட்டிக்கு 4, கதவுக்கு 2 என 6 ஷீட், 22,800 ரூபாய். மைக்கா 9,000. பசையும் ஓரப் பட்டையும் 1,500. சாஃப்ட் குளோஸ் வைத்த டிராக் செட் 11,500. கதவு வளையாமல் இருக்கக் கம்பி 2,500. பிரித்து மறுபடி செய்ய இரண்டு பேருக்கு மூன்று நாள் கூலி 7,200. ஆக 54,500.

கழிவது: திருப்பித் தரும் ஹிஞ்ச் 3,520, டிராயருக்கு வாங்க வேண்டாத ஷீட் 3,800. ஆக 7,320.

நிகரக் கூடுதல் 47,180. மொத்தம் 1,57,180 ரூபாய். முன்பு பேசியதுபோலவே வரி தனி. பழைய கதவுகளும் மிஞ்சிய பலகைகளும் உங்களுடையவை, வேண்டுமென்றால் அலமாரியோடு அனுப்பிவைக்கிறோம்.

முதலில் பேசிய வடிவிலேயே தொடர விரும்பினால் கூடுதல் எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன். எது என்று சொன்ன பிறகே அடுத்த பலகையை அறுப்போம்."

அந்த நடு வழியை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, முகப்பில் 3¾ இன்ச் அகலத்துக்குச் சட்டம் கட்டி, டிராக்கை அந்தச் சட்டத்தில் பொருத்துவது. சட்டத்துக்கான பட்டைகளைப் பழைய கதவுகளிலேயே குழி இல்லாத பக்கமாக அறுத்து எடுக்கலாம். இதில் புது ஷீட் கதவுக்கான இரண்டு மட்டும்தான். உங்கள் விலையில் பிளைவுட் 7,600, கதவு மைக்கா 5,400, பசையும் ஓரப் பட்டையும் 1,000, டிராக், கம்பி, கூலி முன்போலவே. ஹிஞ்சைக் கழித்தால் நிகரக் கூடுதல் 31,680 ரூபாய். பதினைந்தாயிரத்துக்கு மேல் மிச்சம்.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெட்டியும் சட்டமும் சேரும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு மூட்டு இருக்கும். வெளி மைக்கா இன்னும் ஒட்டாததால் அதன் மேலேயே ஒரே தாளாக ஒட்டி மறைத்துவிடலாம். ஆனால் மரம் அசைந்தால் சில மாதங்களில் அங்கே மெல்லிய கோடு தெரியக்கூடும். அலமாரியின் இரு பக்கமும் சுவரோடு ஒட்டி நிற்குமானால் இது ஒரு பொருட்டே இல்லை. எனவே அறையில் அது எங்கே நிற்கப்போகிறது என்று கேட்டுவிட்டுப் பரிந்துரையுங்கள். எடையைக் கீழே தாங்கும் டிராக்காக இருந்தால் இரண்டு கதவின் பாரமும் அந்த ஒல்லியான கீழ்ப்பட்டையில்தான் இறங்கும். அடிப்பீடத்தை முன்னால் இழுத்து, பட்டைக்கு நேர் கீழே ஒன்றரை அடிக்கு ஒரு முட்டு கொடுக்காவிட்டால் பட்டை தொய்ந்து கதவு நடுவில் சிக்கும்.

எந்த வழியானாலும் டிராயர் அளவை இப்போதே திருத்திவிடுங்கள். ஸ்லைடிங்கில் பெரும்பாலும் தவறு நடப்பது அங்கேதான். இரண்டு கதவும் நடுவில் ஒன்றரை இன்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும், இல்லையென்றால் இடுக்கு தெரியும். அதனால் கதவை முழுக்கத் தள்ளினாலும் அதன் ஓரம் நடுத்தடுப்பைத் தாண்டி அரை இன்ச் அளவுக்கு அடுத்த அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். 41 இன்ச் அறையின் முழு அகலத்துக்கும் டிராயர் செய்தால், இழுக்கும்போது அந்த ஓரத்தில் இடிக்கும். நடுத்தடுப்பை ஒட்டி ஒரு 18 எம்எம் பட்டை அடித்து, அதன் மேல் சேனலைப் பொருத்துங்கள். டிராயர் அந்த அளவுக்கு ஒடுங்கும். இதையும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள், டிராயர் ஏன் ஒடுங்கியது என்று பின்னால் ஒரு கேள்வி வராது.

அனுப்புவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பேச்சிலேயே அவர் ஸ்லைடிங் பற்றி விசாரித்திருந்து, ஆழம் குறையும் என்று நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால், பிரித்துச் செய்யும் கூலியில் பாதியையாவது நீங்கள் ஏற்பதுதான் முறை. அவர் விசாரிக்கவே இல்லை என்றால் முழுத் தொகையையும் தயங்காமல் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் வந்தால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த வழி, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்கு முடியும் என்ற மூன்றையும் ஒரே செய்தியில் எழுதி, "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். டிராக் செட்டுக்கான பணத்தை முன்பே வாங்கிவிடுங்கள். அலமாரியின் அகலத்துக்கு அறுத்துவிட்ட டிராக்கை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.