30 விதை, 3 தட்டு: எரர் பாரை வகுப்பில் எப்படிச் சொல்வது?

கேள்வி: பச்சைப்பயறு விதைகளை 3 பெட்ரி தட்டில் வெறும் தண்ணீரிலும், 3 தட்டில் 50 மில்லிமோலார் உப்புக் கரைசலிலும் முளைக்க வைத்தோம். தட்டுக்கு 10 விதை. நான்காம் நாள் வேர் நீளம் அளந்தோம். தண்ணீரில் சராசரி 4.5 செ.மீ., உப்பில் 3.7 செ.மீ. தட்டுவாரியாகப் பார்த்தால் தண்ணீர் 4.1, 4.9, 4.5, உப்பு 3.2, 3.6, 4.3. n = 30 என்று போட்டு எரர் பார் வரைந்தேன் (0.12, 0.14). இரண்டும் தொடவே இல்லை. "உப்பு வேர் வளர்ச்சியைக் குறைக்கிறது என்று நிரூபித்துவிட்டோம்" என்று செமினாரில் சொல்லலாமா? வகுப்பில் பாதிப் பேருக்கு எரர் பார் என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களுக்கு எப்படி விளக்குவது?
— பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: "நிரூபித்துவிட்டோம்" வேண்டாம். "உப்புத் தட்டுகளில் வேர் சராசரியாக 0.8 செ.மீ. குட்டையாக இருந்தது, ஆனால் இது தற்செயலாக வந்ததில்லை என்று உறுதியாகச் சொல்ல எங்களிடம் போதுமான தட்டுகள் இல்லை" என்று சொல்லுங்கள். காரணம் உங்கள் n = 30-இல் இருக்கிறது. எரர் பாருக்குப் போகும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரே தட்டில் கிடக்கும் 10 விதைகளும் ஒரே ஃபில்டர் பேப்பரில், ஒரே அளவு ஈரத்தில், அலமாரியின் ஒரே மூலையில் வளர்ந்தவை. ஒரு தட்டில் கரைசல் 2 மி.லி. கூடுதலாக விழுந்திருந்தால் பத்து வேருக்கும் அது சேர்ந்தே பாதிக்கும். மூடி சரியாக மூடாமல் காய்ந்தாலும் அப்படித்தான். நீங்கள் உப்பைக் கொடுத்தது விதைக்கு விதை தனித்தனியாக இல்லை, தட்டுக்குத் தட்டு. அதனால் எண்ணிக்கையும் தட்டில்தான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் n = 3. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, வகுப்பில் அதையே சொல்லலாம்: ஒரே பானையிலிருந்து பத்துச் சோறு எடுத்து நசுக்கினால் அந்தப் பானையைப் பற்றி நன்றாகத் தெரியும், அடுத்த பானை வெந்ததா என்று தெரியாது. உங்களிடம் இருப்பது பக்கத்துக்கு மூன்று பானை.

அதற்காகப் பத்து விதை போட்டது வீண் என்று நினைக்க வேண்டாம். தட்டின் சராசரி ஒரு விதையின் கிறுக்குத்தனத்தால் ஆடிப்போகாமல் அவை காப்பாற்றுகின்றன. அவற்றின் வேலை அதோடு முடிந்தது.

இப்போது தட்டு சராசரிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவோம். எக்செல்லில் தண்ணீர் எண்கள் B2 முதல் B4 வரை, உப்பு எண்கள் C2 முதல் C4 வரை இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
=STDEV.S(B2:B4)
=STDEV.S(B2:B4)/SQRT(3)
=T.INV.2T(0.05,2)*STDEV.S(B2:B4)/SQRT(3)
=T.TEST(B2:B4,C2:C4,2,2)
```

முதல் வரி திட்ட விலக்கம். தண்ணீருக்கு 0.40, உப்புக்கு 0.56 வரும். இரண்டாவது திட்டப் பிழை: 0.23, 0.32. மூன்றாவது 95 சதவீத நம்பக இடைவெளியின் ஒரு பக்க நீளம்: தண்ணீருக்கு 0.99, உப்புக்கு 1.38. நான்காவதைப் பிறகு பார்ப்போம்.

வகுப்புக்கு எரர் பாரை விளக்க இந்த மூன்று எண்களே போதும். தண்ணீரின் 4.5 என்ற புள்ளியைப் போர்டில் மூன்று முறை வரைந்து, ஒன்றுக்கு 0.40, அடுத்ததற்கு 0.23, கடைசிக்கு 0.99 நீளத்தில் மேலும் கீழும் கோடு போடுங்கள். ஒரே தரவு, மூன்று வெவ்வேறு கோடுகள். முதல் கோடு, தட்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டன என்று காட்டுகிறது. எத்தனை தட்டு கூட்டினாலும் அது சுருங்கிக்கொண்டே போகாது. வேறுபாடு இயற்கையில் இருக்கிறது. இரண்டாவது, சராசரியை எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறோம் என்பதன் அளவு. தட்டு கூடக் கூட இது சுருங்கும், ஆனால் வர்க்கமூல வேகத்தில்தான்: பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு தட்டு வேண்டும். மூன்றாவது, இந்த முறையில் திரும்பத் திரும்பச் சோதனை செய்து கோடு வரைந்தால், நூற்றில் சுமார் 95 கோடுகள் உண்மையான சராசரியை உள்ளடக்கும் என்ற அர்த்தத்தில் வரையப்படுவது. எந்தக் கோடு என்று படத்துக்குக் கீழே எழுதாத எரர் பாருக்குப் பொருளே கிடையாது. ஆய்விதழ்களில் கூட இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது கோடு இரண்டாவதைவிட நான்கு மடங்குக்கு மேல் நீளமாக இருப்பதை யாராவது கேட்பார்கள். "திட்டப் பிழையை இரண்டால் பெருக்கினால் 95 சதவீதம்" என்று புத்தகத்தில் படித்திருப்பார்கள். தட்டுகள் நிறைய இருக்கும்போது அது சரி. மூன்று தட்டு மட்டும் இருக்கும்போது திட்ட விலக்கத்தையே அரைகுறையாகத்தான் கணித்திருக்கிறோம். அந்தச் சந்தேகத்தையும் சேர்த்தால் பெருக்க வேண்டிய எண் 4.3 ஆகிவிடுகிறது. மாதிரி அளவு சிறியது என்பதன் விலை எவ்வளவு என்று காட்ட இதைவிட நல்ல எண் கிடைக்காது.

சரி, "தொடவே இல்லை" விஷயத்துக்கு வருவோம். n = 3 என்று திருத்தி, திட்டப் பிழைக் கோடுகளை வரைந்தாலும் அவை தொடாது! தண்ணீரின் கோடு 4.27 வரை இறங்குகிறது, உப்பின் கோடு 4.02 வரை ஏறுகிறது. இடையில் 0.25 செ.மீ. இடைவெளி. இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். திட்டப் பிழைக் கோடுகள் தொடாமல் இருப்பது வேறுபாடு உறுதி என்பதற்கு அடையாளம் கிடையாது. பக்கத்துக்கு மூன்று தட்டு என்றால், வழக்கமான 0.05 எல்லையைத் தொட அந்த இடைவெளி ஒரு கோட்டின் நீளத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும். உங்கள் எண்களுக்கு அது 0.55 செ.மீ. உங்கள் இடைவெளி அதில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. 95 சதவீதக் கோடுகளை வரைந்தால் கதை மாறும்: தண்ணீர் 3.5 முதல் 5.5 வரை, உப்பு 2.3 முதல் 5.1 வரை. நன்றாக ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஆனால் இங்கேயும் அவசரப்பட வேண்டாம். 95 சதவீதக் கோடுகள் ஓரளவு ஏறிக்கொண்டாலும் வேறுபாடு தேறக்கூடும். கோடுகளைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைவிட வேறுபாட்டை நேராகக் கணக்கிடுவதே நல்லது.

அந்த நான்காவது வரி அதற்குத்தான். விடை 0.11, இதைத்தான் பி மதிப்பு என்கிறோம். உப்புக்கு எந்த விளைவுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு நூறு முறையில் ஏறக்குறைய 11 முறை தட்டுகளின் ஏற்ற இறக்கத்தாலேயே வரும் என்று அர்த்தம். நீங்கள் 30 விதையையும் தனித்தனியாக எண்ணியிருந்தால் இதே சோதனை 0.001-க்கும் கீழே காட்டியிருக்கும். ஒரு விதைகூடக் கூடுதலாக முளைக்கவில்லை. எண்ணும் முறை மாறியதில் மட்டும் வந்த "உறுதி" அது.

ஸ்லைடில் 0.11-ஐவிட வேறுபாட்டின் எல்லையைப் போடுவதையே நான் விரும்புவேன். 0.8 செ.மீ. வேறுபாட்டின் 95 சதவீத இடைவெளி -0.3 முதல் 1.9 வரை. அதாவது உப்பு வேரை 1.9 செ.மீ. குறைத்திருந்தாலும் உங்கள் தரவோடு முரண்படாது, 0.3 செ.மீ. கூட்டியிருந்தாலும் முரண்படாது. இந்த ஒரு வரி இரண்டு பக்கத் தவறையும் தடுக்கும். "நிரூபித்தோம்" என்றும் சொல்ல முடியாது, "உப்புக்கு விளைவு இல்லை என்று கண்டோம்" என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது தவறைத்தான் பாதிப் பேர் செய்கிறார்கள், பி மதிப்பு 0.05-ஐத் தாண்டியதும் பல்டி அடித்துவிடுவார்கள். பச்சைப்பயறு உப்பைத் தாங்காத பயிர் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. உங்கள் சராசரியும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. அதை அப்படியே சொல்லலாம், உங்கள் ஆறு தட்டு அதை நிறுவியது என்று மட்டும் சொல்லக் கூடாது.

படத்தைப் பற்றி ஒன்று. மூன்றே எண்கள் இருக்கும்போது உயரமான பார் வரைந்து மேலே கோடு வைப்பதைவிட, மூன்று புள்ளிகளையும் அப்படியே வைத்து சராசரிக்கு ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். உப்பின் 4.3 தண்ணீரின் 4.1-க்கு மேலே நிற்பதை வகுப்பே பார்த்துவிடும். பாதி விளக்கம் மிச்சம். பார்தான் வேண்டுமென்றால், எக்செல்லின் `Error Bars` பட்டியலில் `Standard Error` என்பதை அழுத்தாதீர்கள். அது உங்கள் தட்டுகளைப் பார்ப்பதில்லை. வரைந்திருக்கும் சராசரிகளையே தரவாக எடுத்து எல்லா பாருக்கும் ஒரே நீளத்தில் கோடு போட்டுவிடும். `Custom` போய் `Specify Value`-வில் நீங்கள் கணக்கிட்ட எண்களைக் கொடுக்க வேண்டும். உங்கள் கோடுகள் இரண்டும் வேறு நீளம் என்பதால் நீங்கள் இதில் மாட்டவில்லை என்று தெரிகிறது. வகுப்பில் யாராவது மாட்டியிருப்பார்கள்.

எரர் பார் காட்டாத விஷயங்களும் உண்டு. தண்ணீர்த் தட்டு மூன்றும் ஜன்னலோரம், உப்புத் தட்டு மூன்றும் உள்பக்கம் இருந்திருந்தால், கோடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேறுபாட்டுக்குக் காரணம் உப்பா இடமா என்று பிரிக்க முடியாது. முளைக்காத விதைகளை விட்டுவிட்டீர்களா, பூஜ்யமாகச் சேர்த்தீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். இரண்டும் வேறு வேறு சராசரி தரும். அப்புறம், "உப்பு நீர் உறிஞ்சுவதைத் தடுத்ததால் வேர் குறைந்தது" என்ற வரி ஸ்லைடில் இருந்தால் எடுத்துவிடுங்கள். சோடியத்தின் நச்சா, சவ்வூடு அழுத்தமா என்று பிரிக்க, அதே சவ்வூடு அழுத்தம் கொண்ட மானிட்டால் கரைசலில் இன்னொரு தொகுதி வைத்திருக்க வேண்டும்.

ஆசிரியர் "அப்படியானால் எத்தனை தட்டு வைத்திருக்க வேண்டும்?" என்று கேட்கக்கூடும். உங்கள் தட்டுகளின் ஏற்ற இறக்கம் இதே அளவு இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, 0.8 செ.மீ. வேறுபாடு உண்மையில் இருந்தால் ஐந்தில் நான்கு முறையாவது அதைப் பிடிக்க வேண்டும் என்று கணக்கிட்டால், பக்கத்துக்கு 7 தட்டு வருகிறது. தட்டுக்கு 10 விதைக்குப் பதில் 5 விதை போட்டால் சராசரி கொஞ்சம் கூடுதலாக ஆடும், 8 தட்டு தேவைப்படும். ஆக பக்கத்துக்கு 40 விதை, இப்போது போட்டதைவிடப் பத்துதான் கூடுதல். மூன்று தட்டிலிருந்து கணித்த ஏற்ற இறக்கம் என்பதால் 8 என்பதையும் ஒரு தோராயமாகத்தான் சொல்ல வேண்டும். அந்த 16 தட்டையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு அலமாரியில் கலந்து வையுங்கள். உப்புக் கரைசலையும் ஒரே பாட்டிலில் கலக்காமல் இரண்டு மூன்று தடவையாகத் தனித்தனியே எடை போட்டுக் கலக்குங்கள், ஏனென்றால் ஒரே பாட்டிலில் எடை தவறினால் எட்டுத் தட்டும் சேர்ந்தே தவறும்.