சுடுதண்ணீரில் சுருங்கிய ஸ்வெட்டரும் சுருங்காத கோட்டும்

கேள்வி: சுடுதண்ணியில துவைச்சதும் கம்பளி ஸ்வெட்டர் குழந்தை சைஸுக்குச் சுருங்கிடுச்சு, ஆனா கூடவே போட்ட கம்பளி கோட்டு அப்படியே இருக்கு. ரெண்டும் கம்பளிதானே, ஏன் இப்படி? இழுத்துச் சரி பண்ண முடியுமா?

வேலூர் வெயிலில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இராணுவத்தில் இருந்தவர்கள் இருப்பதால், பழைய பெட்டிகளில் கம்பளி உடைகளுக்குக் குறைவில்லை. எங்கள் அப்பாவின் கையால் பின்னிய ஸ்வெட்டரை நானே ஒருமுறை பாழாக்கியிருக்கிறேன். காரணத்தைத் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

கம்பளி இழையின் மேற்பரப்பு, ஓட்டு வீட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்ணிய செதில்களால் ஆனது. செதில்களின் விளிம்புகள் எல்லாம் மயிரின் நுனியை நோக்கியே இருக்கும். ஆகவே வேர்ப்பக்கம் முன்னே செல்லும்படி இழை எளிதாக வழுக்கும். நுனிப்பக்கமாகத் திரும்ப முயன்றால் செதில் விளிம்புகள் அக்கம்பக்கத்து இழைகளில் மாட்டிக்கொள்ளும். வயல் வரப்பில் நடக்கும்போது வேட்டி ஓரத்தில் ஏறும் ஒட்டுப்புல்லை நினைத்துக்கொள்ளுங்கள்: நடக்க நடக்க அது உள்ளேதான் போகுமே தவிர, தானாக வெளியே வராது. பருத்தி இழையில் இத்தகைய செதில்கள் கிடையாது என்பதால் வேட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் மழையில் நனையும் ஆட்டின் மேலேயே கம்பளி ஏன் இறுகிப் போவதில்லை என்ற கேள்வி எழும். ஆட்டின் உடம்பில் எல்லா மயிர்களும் வேரோடு பிடிபட்டு ஒரே திசையில் கிடக்கின்றன. நூல் நூற்கும்போதோ அவை தலைமாறிக் கலந்துவிடுகின்றன. கசக்கும்போது ஒவ்வொன்றும் தன் வேர்ப்பக்கமாக ஊர்ந்து, எதிர்த்திசையில் ஊரும் பக்கத்து இழையோடு பின்னிக்கொள்கிறது.

இதில் சுடுதண்ணீருக்கு உள்ள பங்கைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வெப்பம் தானாகச் சுருக்குவதில்லை. நனைந்த இழை தடிமனில் ஆறில் ஒரு பங்கு வரை உப்பி, சூட்டில் எளிதாக வளைந்து நிமிர்கிறது, அவ்வளவே. ஊர்வதற்குத் தேவையான உந்துதலைக் கசக்கலும் வாஷிங் மெஷினின் சுழற்சியும்தான் தருகின்றன. இதைச் சோதிக்க, மிச்சமிருந்த நூலில் 20 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டுகளைப் பின்னினேன். ஒன்றைச் சுடுதண்ணீரில் அசைக்காமல் ஊறவைத்தேன். அளவில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. மற்றொன்றை அதே சூட்டில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கசக்கியபோது, அகலம் 17 செ.மீ. ஆகவும் உயரம் 14 செ.மீ. ஆகவும் குறைந்து, துண்டு அட்டைபோலத் தடித்துவிட்டது.

நம் ஊர் போர்வெல் தண்ணீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடின நீரில் நுரை வராததால் வாஷிங் சோடாவைச் சேர்ப்போம். அந்தக் காரம் இழையை மேலும் உப்பச் செய்து, அதன் கெரட்டினையும் அரிக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் தோலிலிருந்து மயிரைக் கழற்றுவதைப் பார்த்தவர்களுக்குக் காரம் மயிரை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் கோட்டு தப்பியதற்குக் காரணம் நூலும் நெசவும்தான். ஸ்வெட்டருக்கான நூல் பெரும்பாலும் மெத்தென்று இருப்பதற்காகத் தளர்வாக முறுக்கப்படுகிறது. பின்னலின் கண்ணிகளுக்கு இடையிலும் காலியிடம் மிகுதி, எனவே இழைகளுக்கு ஊர்ந்துபோக வழி இருக்கிறது. கோட்டுத் துணிக்கோ பெரும்பாலும் நீளமான இழைகளைச் சீவி இணையாக அடுக்கி, இறுக்கி முறுக்கி, இரட்டைப் புரியாக்கிய நூலை நெருக்கமாக நெய்கிறார்கள். அங்கே செதில்கள் இல்லாமலில்லை. இழை நகர இடம்தான் இல்லை. ஆனாலும் கோட்டை இனி மெஷினில் போடாதீர்கள், பலமுறை துவைத்தால் அதுவும் மெல்ல இறுகும். உள்ளே ஒட்டிய துணியும் மேல்துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கி முகப்பு சுருக்கம் விழும். ‘மெஷினில் துவைக்கலாம்’ என்ற குறிப்போடு வரும் கம்பளி வேறு. அதில் செதில் விளிம்புகளைக் குளோரினால் மழுங்கச் செய்து, மெல்லிய பாலிமர் பூச்சு கொடுத்திருப்பார்கள்.

சரி செய்ய முடியுமா என்பதை ஸ்வெட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே அறியலாம். கண்ணிகள் தனித்தனியாகத் தெரிந்து, விரலால் இழுத்தால் அசைந்தால், பின்னும்போது இழுபட்ட நூல் தளர்ந்து பழைய நிலைக்கு வந்த சாதாரணச் சுருக்கம்தான் அது. வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, வேண்டிய அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தால் பெருமளவு மீளும். கண்ணிகள் மறைந்து, ஓரத்தைக் கத்தரித்தாலும் நூல் பிரியாவிட்டால் அது முழுக்க இறுகிவிட்டது. தலைமுடிக்கான கண்டிஷனரில் ஊறவைத்தால் இழைகள் வழுக்கி ஓரிரு சென்டிமீட்டர் கிடைக்கலாம். மாட்டிக்கொண்ட செதில்களைப் பிரித்தெடுக்க வழியில்லை. அப்பாவின் ஸ்வெட்டர் இப்போது எங்கள் வீட்டில் சூடான பாத்திரம் இறக்கும் துணியாக இருக்கிறது. பிரியாது என்பதால் ஓரம்கூடத் தைக்கவில்லை.