‘அறிவர்’ என்று எழுதினால் எதைத் திருத்துவீர்கள்?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் தோட்டத்து மாலை வகுப்பு நடத்துகிறவர்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கற்றல் பேறு எழுதுவது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் சிக்குகின்றன என்பதால் முதல் கேள்விக்குப் பதில் நீளம், மற்றவை சுருக்கம்.

செம்பனை அறுவடைக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கு 5 மாலை வகுப்பு. பாடப்பட்டியல்: குலையின் முதிர்ச்சி, கருவிகள், வெட்டும் முறை, உதிரிப்பழம், பாதுகாப்பு. முதல் அலகுக்கு ‘குலையின் முதிர்ச்சியை அறிவர்’ என்று கற்றல் பேறு எழுதினோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன குறை?

பட்டியல் நீங்கள் எதைப் பேசப்போகிறீர்கள் என்று சொல்கிறது. பேறு, வகுப்பு முடிந்தபின் அந்தப் பையன் எதைச் செய்து காட்டுவான் என்று சொல்ல வேண்டும். ‘அறிவர்’ என்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு பட்டியலின் வால்பகுதியில் ஒட்டினால் அலகின் பெயர்தான் நீளும், வேறொன்றும் மாறாது.

வினைச்சொல் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் வேலையைப் பாருங்கள். முதிர்ச்சி தெரிந்தவன் எங்கே, எதைச் செய்கிறான்? வெட்டிய குலைகளைச் சேர்க்கும் மேடையில் கிடப்பவற்றில் பழம் எது, காய் எது என்று பிரிக்கிறான். ஆகவே வினை ‘பிரிப்பர்’. அதற்கு முன்னால் எந்தச் சூழலில் என்பதையும், எவ்வளவு சரியாக என்பதையும் சேர்க்க வேண்டும். செயல், சூழல், அளவுகோல் என்ற இந்த மூன்று உறுப்புகளை கல்வியியலாளர் ராபர்ட் மேகர் 1962இலேயே வகுத்துவிட்டார். சேர்த்தால் இப்படி வரும்:

‘அன்றே வெட்டி மேடைக்கு வந்த 20 குலைகளை, பழம் உதிர்ந்த குழிகளைப் பார்த்து, முதிர்ந்தது, அரைப்பழம், காய் என 15 நிமிடத்தில் பிரிப்பர், 18 குலையாவது சரியாக இருக்கும்.’

பிரிக்கும் விதி மலேசியச் செம்பனை வாரியத்தின் தரம்பிரிப்புக் கையேட்டில் உள்ளது. புதிதாகப் பழம் உதிர்ந்த குழி 10 அல்லது அதற்கு மேல் இருந்து, பாதிக்கு மேற்பட்ட பழம் குலையிலேயே ஒட்டியிருந்தால் அது முதிர்ந்தது. குழி இருந்தும் 10க்குக் குறைந்தால் அரைப்பழம். ஒரு குழிகூட இல்லாவிட்டால் காய். எண்ணக்கூடிய விதி இருப்பதால்தான் எண்ணக்கூடிய பேறு எழுத முடிகிறது.

‘அன்றே வெட்டிய’ என்ற சொல்லை அலங்காரம் என்று தூக்கிவிடாதீர்கள். ஓரிரவு கிடந்த குலையிலிருந்து மேலும் பழம் உதிரும், நேற்று 7 குழி இருந்தது இன்று 12 ஆகிவிடும். தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் நேற்று எழுதிய விடைத்தாளை வைத்து இன்று திருத்தினால் சரியாகச் சொன்னவன் தோற்றுப்போவான். விடைத்தாளைச் சோதனைக்குச் சற்று முன்னால் இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி எழுதட்டும். இருவரும் ஒத்துப்போகாத குலையை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு ஓட்டை, குலைகளின் கலவை. 20இல் 18 முதிர்ந்ததாக அமைந்துவிட்டால், எதையும் பார்க்காமல் ‘எல்லாம் பழம்’ என்பவனும் 18 வாங்கிவிடுவான். 8 முதிர்ந்தது, 6 அரைப்பழம், 6 காய் என்று வையுங்கள். அவற்றில் குறைந்தது நான்கு, 8 முதல் 12 குழி வரை உள்ள, கண்ணைக் குழப்பும் குலைகளாக இருக்கட்டும். அதோடு ‘காய் ஒன்றையும் முதிர்ந்தது என்று வைக்கக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அரைப்பழத்தில் தவறுவதும் காயில் தவறுவதும் ஆலைக்கு ஒன்றல்ல, காயில் எண்ணெய் மிகவும் குறைவு.

மற்ற அலகுகளை இதே வழியில் முடித்துவிடலாம். ‘கருவிகள்’ என்பது ‘மரத்தின் உயரத்தைப் பார்த்து உளியா, கம்பு அரிவாளா என்று தேர்ந்தெடுப்பர்’ ஆகும். வெட்டும் முறையில் ஒரு பேறு, ‘வெட்டிய குலையின் காம்பு 5 செ.மீ.க்கு மேல் நீளாதபடி நறுக்குவர்’. இதற்கு அளவுகோல் தனியே தேட வேண்டாம், வாக்கியத்திலேயே ரூலர் இருக்கிறது.

கற்றலை நிலைகளாக வகுக்கும் புளூம் அட்டவணையிலேயே ‘புரிந்துகொள்ளல்’ என்று ஒரு நிலை இருக்கிறதே. அப்படியிருக்க ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதக் கூடாது என்பது ஏன்?

அது மாடியின் பெயர், படிக்கட்டு அல்ல. புளூமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1956இல் வெளியிட்ட வகைப்பாட்டில் நிலைகள் பெயர்ச்சொல்லாக இருந்தன. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவை வினையாக மாறின. அதனால்தான் இந்தக் குழப்பம் கூடிற்று. புரிந்ததைக் காட்டும் செயலை எழுதுங்கள்: சொந்த வார்த்தையில் கூறுவர், எடுத்துக்காட்டுத் தருவர், வகைப்படுத்துவர், இரண்டையும் ஒப்பிடுவர்.

தமிழில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. நம் ஆண்டுத் திட்டங்களில் பல பேறுகள் ‘விளக்குவர்’ என்றே முடிகின்றன. வரையறை சொல்வதும் விளக்கம், காரணம் சொல்வதும் விளக்கம், படம் போட்டுக் காட்டுவதும் விளக்கம் என்று ஆகிவிட்டது. ‘வரையறுப்பர்’, ‘காரணம் கூறுவர்’, ‘படம் வரைந்து பகுதிகளைப் பெயரிடுவர்’ என்று பிரித்து எழுதினால் ஆளுக்கொரு விதமாகத் திருத்த இடமிராது.

ஒரே வாக்கியத்தில் ‘பட்டியலிட்டு, ஒப்பிட்டு, மதிப்பிடுவர்’ என்று எழுதலாமா? உயர்நிலைச் சிந்தனையும் வந்துவிடுகிறதே.

பட்டியலிட்டான், ஒப்பிடவில்லை. அவனுக்கு எந்த அடைவு நிலை போடுவீர்கள்? ஒரு பேற்றுக்கு ஒரு முற்று வினை போதும். தமிழில் வினை கடைசியில் வருவதால் முன்னால் எச்சங்களை அடுக்குவது கைக்கு எளிது. அந்த எளிமைதான் இங்கே தொல்லை. வினையை முதலில் ஒரு தாளில் தனியாக எழுதிவிட்டு, பிறகு வாக்கியத்தை அதன் முன்னால் கட்டுங்கள்.

‘மதிப்பிடுவர்’ என்று போட்டால் சோதனையும் மதிப்பிடச் சொல்ல வேண்டும். பேற்றில் ‘மதிப்பிடுவர்’, தாளில் கோடிட்ட இடத்தை நிரப்பு என்று இருந்தால் பேற்றைக் கீழே இறக்குங்கள், அல்லது கேள்வியை மேலே ஏற்றுங்கள். எல்லா அலகையும் உயர்நிலைக்குத் தூக்க வேண்டிய அவசியமில்லை. கருவியின் பெயர் தெரிவது கீழ்நிலைதான். ஆனால் அது தெரியாமல் வேலை ஓடாது.

ஓர் அலகுக்கு எத்தனை பேறு?

சோதிக்க நேரமுள்ள அளவு. 2 மணி நேர மாலை வகுப்பில் ஒன்று அல்லது இரண்டு. ஐந்து எழுதினால் மூன்று தாளோடு நின்றுவிடும்.

‘பாதுகாப்பு உணர்வு பெறுவர்’ என்பதை எப்படி அளப்பது? உணர்வை அளக்க முடியாதே.

முடியாது. ஆகவே உணர்வு இருந்தால் யாரும் சொல்லாமலே என்ன நடக்கும் என்று எழுதுங்கள். ‘நினைவூட்டாமலே தலைக்கவசம் அணிந்து, குலை விழும் பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு அரிவாளை உயர்த்துவர்; தொடர்ந்து 3 மரங்களில்.’ செயலைப் பார்ப்பவர் ஆம், இல்லை என்று மட்டும் குறிப்பார். ‘நினைவூட்டாமலே’ என்பதுதான் இதில் உயிர். மண்டோர் கத்திய பிறகு போட்ட தலைக்கவசம் கீழ்ப்படிதலைக் காட்டும், உணர்வைக் காட்டாது. சோதனை என்று முன்கூட்டியே அறிவித்தாலும் அதே கதைதான், வழக்கமான வேலை நேரத்தில் பார்த்துக் குறியுங்கள்.