தட்டின் முன்னால் நடக்கும் சண்டை

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. சில மாதங்களாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வருகிறாள், மாதவிலக்கு நின்றுவிட்டது. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய்விடுகிறாள். தினமும் இரவில் சண்டைதான். இது பிடிவாதமா, நோயா?

மருத்துவர் பதில்: இது நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம், மாதவிலக்கு நின்றிருப்பதால் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். தன்னைத்தானே பட்டினி போட்டுக்கொள்ளும் அனோரெக்சியாவில் உடல் மெலிவதோடு எப்போதும் குளிரும், முடி கொட்டும், கைகளிலும் முதுகிலும் பூனைமுடி வளரும். அளவுமீறி உண்டுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியாவிலோ எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் வீட்டார் ஏமாந்துவிடுகிறார்கள். இரவில் சமையலறைப் பண்டங்கள் காணாமல் போவது, காதுக்குக் கீழே கன்னம் உப்புவது, விரலை விட்டு வாந்தி எடுப்பதால் கைவிரல் முட்டிகளில் தழும்பு விழுவது, பற்கூச்சம் ஆகியவற்றைக் கவனியுங்கள். உங்கள் மகளுக்கு இருப்பதுபோல் இரண்டின் அறிகுறிகளும் கலந்தும் வரலாம்.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உடல்நலமுள்ள 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் உணவைப் பெருமளவு குறைத்துப் பார்த்தார்கள். அவர்களும் உணவைப் பற்றியே ஓயாமல் நினைத்தார்கள், தட்டில் இருந்ததை அளைந்துகொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்தார்கள். நீங்கள் பிடிவாதம் என்று நினைப்பதில் ஒரு பகுதி பட்டினி உண்டாக்குவது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வாதம் ஏன் பலிப்பதில்லை என்று பார்ப்போம். "இரண்டு இட்லிதானே" என்கிறீர்கள், "மதியம் நிறைய சாப்பிட்டேன்" என்கிறாள், குரல் உயர்கிறது, அவள் அழுதுகொண்டே எழுந்து போகிறாள். இட்லி தட்டிலேயே இருக்கிறது, அவளுடைய பயமும் அந்தக் கணமே தணிகிறது. சண்டை போட்டால் சாப்பிடாமல் தப்பிக்கலாம் என்பதை அவள் அறியாமலே அவள் மனம் கற்றுக்கொள்கிறது. நீங்கள் வைக்கும் ஒவ்வொரு நியாயத்துக்கும் பதில் சொல்லிச் சொல்லி நோயின் நியாயங்கள் அவளுக்கு மனப்பாடம் ஆகின்றன.

ஆகவே பேரம் பேசாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவை நீங்களே பரிமாறி, பக்கத்தில் அமர்ந்து, "கஷ்டமாக இருக்கிறது என்று தெரியும்மா, நான் இங்கேதான் இருக்கிறேன், அடுத்த வாயை எடு" என்று அமைதியாகச் சொல்லுங்கள். எடையையும் தோற்றத்தையும் பற்றிய பேச்சு, பாராட்டாகக்கூட, வேண்டாம். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் அவளோடு சேர்ந்து ஏதாவது செய்யுங்கள். வாந்தி எடுக்கும் உந்துதல் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் மிகும். அப்படியும் வாந்தி எடுத்துவிட்டால் திட்டாமல், உடனே பல் துலக்க விடாமல், தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்கு முன் உணவை ஒரேயடியாகக் கூட்டிவிடாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறைய உண்டால் இரத்தத்தில் பாஸ்பேட் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத்துடிப்பு தடுமாறும். இரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்த பிறகு, மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து அளவை முடிவு செய்யட்டும். மயக்கம், படபடப்பு, நெஞ்சு வலி, நிமிடத்துக்கு 50க்கும் குறைந்த நாடித்துடிப்பு, தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.