ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டலாம் என்று வைத்த நகை

கேள்வி: மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் நான்கு பவுன் நகையை வைத்து 2 லட்சம் ரூபாய் வாங்கினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதாமாதம் கட்ட வேண்டாம், ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டினால் போதும் என்றார்கள். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. நேற்றுக் கேட்டால் 2,39,019 ரூபாய் என்கிறார்கள். என் கணக்கில் 2,18,000தானே வரும்? மூன்று மாதத்தில் சீட்டுப் பணம் 2,25,000 வரும். இப்போது கையில் 15,000 இருக்கிறது. அதுவரை பொறுத்திருந்தால் நகை ஏலத்துக்குப் போய்விடுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கணக்கும் தவறில்லை, அவர்கள் சொன்ன தொகையும் பெரும்பாலும் தவறாக இருக்காது. இரண்டும் வெவ்வேறு வட்டியில் போடப்பட்ட கணக்குகள். அடகுச் சீட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். முப்பது நாளுக்குள் வட்டி கட்டினால் ஒரு விகிதம், அறுபது நாளுக்குள் கட்டினால் சற்றுக் கூடுதல், தொண்ணூறு நாளைத் தாண்டினால் முழு விகிதம் என்று அதில் போட்டிருப்பார்கள். உங்களிடம் சொன்ன ஒரு ரூபாய் வட்டி, மாதாமாதம் தவறாமல் கட்டுகிறவர்களுக்குத் தள்ளுபடி போகக் கிடைக்கும் வட்டி. கட்டாமல் விட்டதும் தள்ளுபடி போய்விடுகிறது. பல திட்டங்களில் முதல் நாளிலிருந்தே முழு விகிதம், அதாவது நூற்றுக்கு இரண்டு ரூபாய், கணக்கிடப்படுகிறது. ‘கட்ட வேண்டாம்’ என்று சொன்னவர் இதைச் சேர்த்துச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டு ரூபாய் என்றாலும் ஒன்பது மாதத்துக்கு 36,000தானே வர வேண்டும் என்று கேட்பீர்கள். மீதி 3,019 ரூபாய் வட்டிக்கு வட்டி. கட்டாத வட்டி மாதக் கடைசியில் அசலோடு சேர்ந்துவிடுவதால், முதல் மாதம் 4,000 ரூபாயாக இருந்த வட்டி ஒன்பதாவது மாதம் ஏறக்குறைய 4,690 ரூபாயாகிறது. இதே போக்கில் விட்டால் பன்னிரண்டாவது மாத முடிவில் நீங்கள் கட்ட வேண்டியது 2,53,648 ரூபாய். சீட்டுப் பணம் முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தாலும் 28,648 ரூபாய் குறையும்.

ஏலம் பற்றிய உங்கள் பயத்துக்கும் இந்தக் கணக்கில்தான் விடை இருக்கிறது. நான்கு பவுன் என்பது 32 கிராம். கல், மெழுகு, அழுக்கு எல்லாம் கழித்து 30 கிராம் என்று எடுத்து, அன்றைய மதிப்பீட்டு விலை கிராமுக்கு 9,000 என்று வைத்துக்கொண்டால், நகையின் மதிப்பு 2,70,000 ரூபாய். மதிப்பில் 75 சதவீதம்வரை கடன் தரலாம் என்ற பழைய விதியின் வரம்புக்குள்தான் உங்களுக்கு 2 லட்சம் தந்திருக்கிறார்கள். ஆனால் தங்கம் விலை ஒரு ரூபாய்கூட இறங்காமல் அப்படியே நின்றாலும், ஆண்டு முடிவில் கடன் அந்த மதிப்பில் 94 சதவீதத்தைத் தொட்டுவிடும். மொத்தமாகக் கட்டும் திட்டத்தின் ஆபத்து இதுதான். நடுவில் விலை சரிந்தால், தவணைக்கு முன்பே கூடுதல் பணமோ நகையோ கொண்டுவரச் சொல்லி நோட்டீஸ் வரலாம்.

விலை ஏறியிருக்கிறதே, நமக்கென்ன என்று பலர் இருந்துவிடுகிறார்கள். விலை எவ்வளவு ஏறியிருந்தாலும், தவணை நாள் கடந்துவிட்டால், நோட்டீஸ் கொடுத்து ஏலம் விடும் உரிமை நிறுவனத்துக்கு வந்துவிடுகிறது. தவணைக்குள் கட்டுவதாக இருந்தால், வெறும் மூன்று மாதக் காத்திருப்பால் மட்டும் உங்கள் நகை மூழ்கிவிடாது. தவணை நாளன்று அந்த 28,000 சொச்சம் இல்லாமல் நிற்பதுதான் ஆபத்து.

ஆகவே காத்திருக்காதீர்கள். கையிலிருக்கும் 15,000 ரூபாயை இந்த வாரமே வட்டிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். பாக்கி 2,24,019 ஆகிவிடும், மூன்று மாதம் கழித்து அது 2,37,731 ரூபாயாக நிற்கும். சீட்டுப் பணம் போகப் புரட்ட வேண்டியது 12,731 ரூபாய்தான்.

இன்னும் 24,019 ரூபாய் புரட்ட முடிந்தால் அதைவிட நல்லது. 39,019 ரூபாய் வட்டி முழுவதையும் கட்டிவிட்டால், பல திட்டங்களில் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், பழைய ஒரு ரூபாய் வட்டிக்குத் திரும்பலாம். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் திட்டத்தில் அப்படி உண்டா என்று கிளையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால் அடுத்த மூன்று மாதமும் மாதம் 2,000 ரூபாய் கட்டினால் போதும், முடிவில் அசல் 2 லட்சம் மட்டும் நிற்கும். சீட்டுப் பணத்தில் நகையை மீட்டபின் உங்களிடம் 25,000 மிஞ்சும். பணம் புரட்ட வேறு வழியே இல்லையென்றால், வைத்த நகைகளில் சிறியது ஒன்றை மட்டும் விடுவிக்க என்ன கட்ட வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தொகையை உறவினரிடம் சில நாள் கைமாற்றாக வாங்கிக் கட்டி, மோதிரத்தையோ தோட்டையோ மீட்டு நீங்களே விற்பது, நான்கு பவுனும் ஏலத்தில் போவதைவிட எவ்வளவோ மேல்.

ஏலத்தைப் பற்றி ஒன்றை நெருங்கிப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். என் அத்தையின் இரட்டை வடச் சங்கிலி ஏலம் போனபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நோட்டீஸ் அவர்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய வாடகை வீட்டுக்குப் போயிருந்தது. கிளையில் கொடுத்திருந்த தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. கடன் போக மீதிப் பணம் அத்தைக்குச் சேர வேண்டியது என்பதும் நாங்கள் போய்க் கேட்டபிறகுதான் தெரிந்தது. நீங்கள் பணம் கட்டப் போகும்போதே முகவரியையும் எண்ணையும் சரிபார்த்துவிடுங்கள்.

நகைக்கடன் நிறுவனங்கள் நோட்டீஸ் கொடுத்து, இரண்டு செய்தித்தாள்களில் விளம்பரம் செய்து, அதன் பிறகே பொது ஏலம் விட வேண்டும். விற்ற தொகைக்கும் கழித்த தொகைக்கும் கணக்குத் தர வேண்டும், மிச்சத்தை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புதிய விதிகள் இதை இன்னும் இறுக்கியிருக்கின்றன. நகையின் நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் ஏலத்தின் ஆரம்ப விலை இருக்க வேண்டும், இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் மட்டுமே 85 சதவீதமாக இறக்கலாம். மிச்சப் பணத்தை ஏலத் தொகை முழுவதும் வந்த ஏழு வேலைநாளுக்குள் தந்துவிட வேண்டும்.

அதே விதிகளில் உங்கள் சிக்கலுக்கு நேரான மாற்றமும் இருக்கிறது. மொத்தமாகக் கட்டும் கடனுக்கு, கையில் கொடுக்கும் தொகையை மட்டும் பார்க்காமல், தவணை முடிவில் வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டிய தொகையை வைத்தே வரம்பைக் கணக்கிட வேண்டும். இரண்டரை லட்சம்வரையிலான கடனுக்கு இந்த வரம்பு 85 சதவீதம். உங்கள் நகைக்கு அந்தக் கணக்கில் சுமார் 1,81,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும். 2026 ஏப்ரல் 1க்குள் எல்லா நிறுவனங்களும் இதற்கு மாறியாக வேண்டும். அதற்கு முன் வாங்கிய கடன் பழைய விதிகளின்படியே நடக்கும் என்பதால், உங்கள் சீட்டில் உள்ள தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு விவரம் தர மறுத்தாலோ, நோட்டீஸ் இல்லாமல் ஏலம் என்றாலோ, முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்.