மார்கழிக் கோலமும் சிற்றிலும்

அன்புள்ள ஐயா,

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் நாலரை மணிக்கே எல்லோரும் எழுந்துவிடுவோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் ‘ஏன்?’ என்று கேட்டாள். விடியலில் ஓசோன் நிறைய வரும் என்றார் என் கணவர். பீடை மாதம், அதனால்தான் கல்யாணம் கூட வைப்பதில்லை என்றார் மாமியார். பீடை மாதத்துக்கு இத்தனை கொண்டாட்டமா என்று அவள் மறுபடி கேட்கிறாள். ஒரு கேள்வி எனக்கும் உண்டு. திருப்பாவைக்கும் வாசல் கோலத்துக்கும் என்ன சம்பந்தம்? முப்பது பாட்டையும் பாடுகிறேன், கோலம் போடுவதாக ஒரு வரிகூட இல்லையே?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

ஓசோனை முதலில் முடித்துவிடுவோம். நிலத்தையொட்டிய காற்றில் ஓசோன் உருவாவதற்கு வெயில் வேண்டும். அது கூடுவது பிற்பகலில், விடியற்காலையில் குறைவாகத்தான் இருக்கும். கூடினால் நுரையீரலுக்குக் கெடுதல் என்பது வேறு விஷயம். போதாததற்கு, பனிக்காலக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொண்டு புகையை மேலே போகவிடாது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் நாலரை மணிக் காற்று அவர்களுக்கு ஆகாது. நம் வழக்கங்களுக்கு விஞ்ஞானச் சான்றிதழ் வாங்கும் ஆசையில் கிளம்பிய கதை இது.

மாமியார் சொன்னதில் பாதி சரி. கல்யாணம் வைப்பதில்லை என்பது உண்மை, ஆனால் காரணம் பீடை அல்ல. நமக்கு ஒரு வருஷம் தேவர்களுக்கு ஒரு நாள் என்பது புராணக் கணக்கு. தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. இருபத்துநாலு மணி நேரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கு போட்டால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம். தை பிறக்கும்போது காலை ஆறு என்றால், மார்கழி நாலிலிருந்து ஆறு வரை. பள்ளியெழுச்சி பாடும் நேரம் அதுதானே? திருப்பதியில் இந்த மாதம் சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டுத் திருப்பாவை பாடுகிறார்கள். மாணிக்கவாசகரின் திருவெம்பாவை இருபது பாட்டோடு அவருடைய திருப்பள்ளியெழுச்சி பத்தும் சேர்த்துச் சிவன் கோயில்களில் ஓதுகிறார்கள். இதே கணக்கில் ஆடி என்பது அந்தி மயங்கும் நேரம். ஆடியிலும் கல்யாணம் கிடையாது, கவனித்திருப்பீர்கள். இரண்டும் சந்தி வேளை, வழிபாட்டுக்கு ஒதுக்கியவை. உலக காரியங்களைத் தள்ளிவைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணக்கு மார்கழியின் மூலக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வழக்கம் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. பரிபாடலின் பதினோராம் பாட்டைப் பாருங்கள். வையையைப் பற்றி நல்லந்துவனார் பாடியது. மழை ஓய்ந்த குளிர்காலம், நிறைநிலா ஆதிரை மீனோடு சேரும் நாள், அந்தணர்கள் விழாவைத் தொடங்குகிறார்கள். கன்னிப் பெண்கள் பனி பொழியும் விடியலில், முதிய பெண்கள் முறை சொல்லிக்கொடுக்க, ஆற்றில் நீராடுகிறார்கள். அவர்கள் வேண்டுவது ‘வெம்பாதாக வியல்நில வரைப்பு’, இந்தப் பரந்த நிலம் வெயிலில் வாடாமல் இருக்கட்டும் என்று. ஆண்டாள் ‘திங்கள் மும்மாரி பெய்து’ என்று கேட்பதும் இதையேதான். ஆதிரையில் நிலா நிறைவது மார்கழியில். ஆனால் பரிபாடல் இதைத் தைந்நீராடல் என்கிறது. பௌர்ணமியிலிருந்து பௌர்ணமி வரை ஒரு மாதம் என்று எண்ணினால், மார்கழிப் பௌர்ணமியோடு தை தொடங்கிவிடும். அந்த எண்ணிக்கை மாறியபோது அதே நீராட்டு மார்கழி நீராட்டு ஆனது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

ஆக, இது பெண் பிள்ளைகள் மழைக்கும் விளைச்சலுக்கும் நல்ல கணவனுக்கும் நோற்ற நோன்பு. அப்படித்தான் திருப்பாவையின் அமைப்பும் இருக்கிறது. இரண்டாம் பாட்டில் ‘நெய்யுண்ணோம் பாலுண்ணோம்’ என்று விட்ட நெய், இருபத்தேழாம் பாட்டில் முழங்கை வழிய வழியத் திரும்ப வருகிறது. அந்தக் கூடாரவல்லி நாளில் அக்காரவடிசில் செய்யும்போது, பலர் நெய்யைச் சிக்கனமாக விடுவதைப் பார்க்கிறேன். பாட்டைக் கேட்டும் கேளாத மாதிரி!

இப்போது உங்கள் கேள்வி. திருப்பாவையில் கோலம் இல்லை என்பதைக் கண்டுபிடித்தீர்களே, பலே. ஆனால் ஆண்டாளிடம் கோலம் இல்லாமல் இல்லை. நாச்சியார் திருமொழியைத் திறந்தால் முதல் பாட்டே அதுதான். தை மாதம் முழுக்கத் தரையைச் சுத்தம் செய்து, மண்டலம் இட்டு, நுண்மணலால் தெருவை அழகுபடுத்துகிறாள். அடுத்த பாட்டில் கிழக்கு வெளுக்கும் முன் துறையில் குளிப்பதும் வெள்ளை மணலால் தெருவை அணிசெய்வதும் சேர்ந்தே வருகின்றன. இது காமனை நோக்கிய நோன்பு, தையிலும் மாசியிலும் நடப்பது. மார்கழி இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் காரியம் ஒன்றுதான்: விடியுமுன் குளி, வாசலைத் தெளி, வரை.

இரண்டாம் திருமொழி இன்னும் கிட்டே வருகிறது. சின்னப் பெண்கள் தெருவில் மணலால் சிற்றில் கட்டி விளையாடுகிறார்கள். கண்ணன் வந்து அதைக் கலைக்கிறான். ‘வெள்ளை நுண்மணல் கொண்டு’, ‘வீதிவாய்த் தெள்ளி நாங்கள் இழைத்த கோலம்’ என்று அவள் சொல்கிறாள். வீதி, வெள்ளைப் பொடி, கோலம், மூன்றும் ஒரே பாட்டில். சிற்றில் என்றால் சிறு வீடு. இந்தச் சிறு வீடு எங்கேயும் போய்விடவில்லை, நெல்லைப் பக்கம் இன்றும் இருக்கிறது.

அங்கே மார்கழி முழுக்கக் கோலத்தின் நடுவில் சாண உருண்டை பிடித்து, அதில் பூசணிப்பூ வைப்பார்கள். ஆண் பூவைத்தான் பறிப்பது வழக்கம். காம்பு நீளமாக, மெலிதாக, பூவுக்கு அடியில் பிஞ்சு இல்லாமல் இருந்தால் அது ஆண் பூ. அடியில் குட்டிப் பூசணி தெரிந்தால் தொடாதீர்கள், காய் போய்விடும். அப்புறம் அந்த உருண்டையைக் குப்பையில் போடுவதில்லை. பூவோடு சேர்த்துத் தட்டிச் சுவரில் காயவைத்துச் சேர்த்து வருவார்கள். பொங்கலுக்குப் பிறகு தையில் ஒரு நாள் சிறுவீட்டுப் பொங்கல். வாசலில் சின்னதாக மண்ணால் வீடு கட்டியோ வரைந்தோ, பெண் பிள்ளைகள் அதற்குள் பொங்கலிடுவார்கள். பிறகு சேர்த்து வைத்த எருத் தட்டுகளை ஆற்றுக்கு எடுத்துப்போய், மேலே கொஞ்சம் பொங்கலும் எரியும் கற்பூரமும் வைத்துத் தண்ணீரில் விடுவார்கள்.

வரிசையாகப் பாருங்கள். மார்கழியில் வாசலில் தொடங்கியது, தையில் ஆற்றில் முடிகிறது. நடுவில் சிறு வீடு. பரிபாடலின் தைந்நீராட்டும் ஆண்டாளின் சிற்றிலும் இங்கே ஒரே நோன்பாக இருப்பதாக நான் நினைக்கிறேன். இதற்குக் கல்வெட்டு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை, என் ஊகம்தான். ஆனால் திருப்பாவை பாடுவதும் கோலம் போடுவதும் வேறு வேறு காரியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவை ஒரே பெண்ணின் ஒரே காலை.

மகள் கோலம் போடுவதாக இருந்தால் ஒரு யோசனை. வாசல் தெளித்ததும் உடனே மாவை விடச் சொல்லாதீர்கள், தண்ணீரில் ஊறி கோடு விரிந்துவிடும். ஈரம் தரையில் சுவறி, நீர் தேங்காமல் மண் கருத்திருக்கும்போது இழுத்தால் இழை நிற்கும். கடையில் வாங்கும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் கல் மாவு, எறும்பு சீந்தாது. அதில் பச்சரிசி மாவைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். எட்டு மணிக்கெல்லாம் எறும்புகள் வரிசை பிடித்து வந்து ஆளுக்கொரு பொடியாகத் தூக்கிக்கொண்டு போகும். ‘ஏன்’ என்று கேட்கிற பிள்ளை அதையும் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பாள், எழுதுங்கள்.