பாதி ஒத்த ஓசை எங்கே உறுத்தும், எங்கே தணியும்

கேள்வி: என் கவிதைகளில் எல்லா வரியும் கச்சிதமாக ஒத்த ஓசையில் முடிகிறது. சோகத்தைச் சொன்னாலும் குழந்தைப் பாட்டு மாதிரி கேட்கிறது. ஆங்கிலத்தில் ஸ்லான்ட் ரைம், நியர் ரைம் என்று பாதி மட்டும் ஒத்துப்போகும் ஓசையை வைத்து மனதை உறுத்தவும் செய்கிறார்கள், வருடவும் செய்கிறார்கள். தமிழில் அப்படி எழுத முடியுமா?

முடியும். ஆனால் ஆங்கிலத்தில் செய்வதை அப்படியே இங்கே செய்தால் ஒன்றும் நடக்காது. நம் காதும் அவர்கள் காதும் ஓசை ஒத்திருப்பதை வேறு வேறு இடத்தில் தேடுகின்றன.

முதல் உலகப் போரில் இறந்த வில்பிரட் ஓவனை எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் அவர் எழுதிய 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்' கவிதை இரண்டிரண்டு வரியாகப் போகும். 'எஸ்கேப்ட்' என்று ஒரு வரி முடிந்தால் அடுத்தது 'ஸ்கூப்ட்' என்று முடியும். 'ஹால்' என்றால் 'ஹெல்'. முன்னும் பின்னும் மெய்யொலிகள் அப்படியே இருக்க, நடுவில் உயிர் மட்டும் மாறுகிறது. ஆங்கிலக் காதுக்கு அழுத்தம் விழும் அந்த உயிர்தான் உயிர்நாடி. அது மாறிவிட்டால், கை குலுக்க நீட்டிய கை பிடிபடாமல் நழுவுவது போல இருக்கும். செத்த வீரன் ஒருவன் தான் கொன்ற எதிரியைப் பாதாளத்தில் சந்திக்கும் கவிதைக்கு அந்த நழுவல் முழுக்கப் பொருந்துகிறது. கடைசி வரை ஓசை சேர வருகிறது, சேர்வதே இல்லை.

இப்போது தமிழில் காடு, கூடு, கேடு என்று சொல்லிப் பாருங்கள். உயிர் மாறுகிறது, மெய் நிற்கிறது. ஓவன் செய்தது ஏறக்குறைய இதுதான். ஏதாவது உறுத்துகிறதா? எனக்கு இல்லை. நமக்கு இது பழுதில்லாத எதுகை. முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும், அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். இரண்டாம் எழுத்து ஒன்றாக வர வேண்டும். முதலெழுத்தில் எந்த உயிர் இருக்கிறது என்று நம் இலக்கணம் கேட்பதில்லை. ஆகவே அங்கே அமைதியைக் குலைக்கும் அதே வேலை இங்கே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் குலைக்க வேண்டுமானால் நம் காது கணக்கு வைத்திருக்கும் இரண்டில்தான் கை வைக்க வேண்டும்: ஒன்று எழுத்தின் அளவு, மற்றது மெய்.

இதை ஒரு கவிதையை வைத்தே காட்டுகிறேன். நான் கோத்தகிரிப் பக்கம் தமிழ் சொல்லிக் கொடுப்பவன். இங்கே தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் பல குடும்பங்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். அப்படி வந்து காலமெல்லாம் கொழுந்து பறித்த ஒரு பாட்டி இறந்தபோது, பேத்தி நினைவஞ்சலி அட்டைக்காக நான்கு வரி எழுதிக்கொண்டு வந்தாள். அவள் அனுமதியோடு இங்கே தருகிறேன்.

மலைமேல் விடியும் பனிநேரம்
கொழுந்துக் கூடை பெரும்பாரம்
லயத்தின் வாசல் வெகுதூரம்
பாட்டி கண்ணில் துளியீரம்

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. இனி ஓசையைப் பார்ப்போம்: நேரம், பாரம், தூரம், ஈரம். ஆங்கிலக் காது இவற்றைப் பாதி ஒத்தவை என்று சொல்லும், ஏனென்றால் உயிர் நான்கும் வேறு. நம் காதுக்கு நான்கும் கச்சிதமான இயைபு, அதாவது வரியின் கடைசியில் ஓசை ஒத்து வருவது. நீங்கள் சொல்லும் குழந்தைப் பாட்டுத் தன்மை இங்கேயும் இருக்கிறது. மூன்றாம் வரி முடியும்போதே நான்காவதும் 'ரம்' என்று முடியப் போகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. 'ஈரம்' வந்ததும் கதவு சரியாகச் சாத்திக்கொள்கிறது. அழுகையைப் பற்றிய வரிதான், ஆனால் ஓசை எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்கிறது. பொருளுக்கும் ஓசைக்கும் நடுவில் ஒரு பொய் வந்துவிட்டது.

நாங்கள் முதல் மூன்று வரியைத் தொடவே இல்லை. இது முக்கியம். பாதி ஒத்த ஓசை வேலை செய்ய வேண்டுமானால் முழுதாக ஒத்த ஓசையைக் காது எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் வரியிலேயே மாற்றியிருந்தால் எதிர்பார்ப்பே பிறந்திருக்காது, படிப்பவர் இதைப் புதுக்கவிதை என்று எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஓவன் மட்டும் ஏன் முதலிலிருந்தே மாற்றினார் என்று கேட்கலாம். அவருக்கு அந்த எதிர்பார்ப்பை ஈரடிச் செய்யுள் என்ற பழைய வடிவமே கொடுத்துவிட்டது. அந்த வடிவத்தைக் கண்டாலே ஆங்கில வாசகர் காதைத் தீட்டிக்கொள்வார்.

சரி, நான்காம் வரிக்கு வருவோம். முதலில் அளவைக் குறைத்துப் பார்த்தோம்.

மடியில் கிடக்கும் வெறுங்கரம்

'ரம்' அப்படியே இருக்கிறது, எழுத்தில் பார்த்தால் இயைபு கெடவில்லை. ஆனால் தூரம் என்பது மூன்றரை மாத்திரை, கரம் இரண்டரை. அதற்கு முந்தைய மூன்று வரிகளின் கடைசிச் சீரும் புளிமாங்காய், மூன்று அசை. வெறுங்கரம் இரண்டே அசை, கருவிளம். நெடில் வர வேண்டிய இடத்தில் குறில் வந்து, வரி ஓர் அசை முன்னாலேயே தீர்ந்துபோகிறது. சத்தமாகப் படித்த பேத்தி அங்கே நிறுத்தி, "சார், ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கே" என்றாள். அதுதான் நமக்கு வேண்டியது. இரண்டு கையாலும் பறித்துப் பறித்துக் கூடையை நிரப்பியவளின் கை இப்போது காலியாகக் கிடக்கிறது. அங்கே ஓசையிலும் ஒன்று குறைய வேண்டும். பொருள் குறைகிற இடத்தில் ஓசை குறைந்தால் உறுத்தல், வேறு இடத்தில் குறைந்தால் வெறும் பிழை.

அடுத்து அளவை வைத்துக்கொண்டு மெய்யை மாற்றினோம்.

பாட்டி கண்ணில் பழங்காலம்

சீர் புளிமாங்காய்தான், நெடிலும் இருக்கிறது, கடைசி 'ம்' கூட இருக்கிறது. ர மட்டும் ல ஆகியிருக்கிறது. இரண்டும் இடையினம். நாக்கை எங்கும் முட்டி நிறுத்தாமல் மூச்சு வழிந்துபோகும் எழுத்துகள். இங்கே எதுவும் குறைவதில்லை, கொஞ்சம் விலகுகிறது, அவ்வளவுதான். 'ஈரம்' கதவைச் சாத்தியது என்றால் 'காலம்' அதைச் சும்மா ஒருக்களித்து வைக்கிறது. சோகம் இருக்கிறது, ஆனால் கண் பார்ப்பது இங்கே இல்லை, வேறு எங்கோ. மென்மை என்று நீங்கள் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக வல்லினத்தையும் முயன்றோம்: 'அடுப்பைச் சூழும் புகைமூட்டம்'. அளவு சரி, ஆனால் ர இருந்த இடத்தில் 'ட்ட' இரட்டித்து வந்து இடிக்கிறது. எனக்கு இது உறுத்தலாகக்கூடப் படவில்லை. ஓசை வேறு பாட்டுக்குப் போய்விட்டது. இனம் மாறி, இரட்டித்தும் விட்டால் பழைய ஓசையின் நினைவே அற்றுப்போகிறது. பாதி ஒத்தது என்று சொல்ல அந்தப் பாதி காதில் மிச்சமிருக்க வேண்டும்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததில்லை. யாப்பருங்கலக் காரிகையைத் திறந்தால் இந்தத் தளர்வுகளுக்கு இடம் இருக்கிறது. இரண்டாம் எழுத்து அதே எழுத்தாக இல்லாமல் அதே இனத்து எழுத்தாக வந்தால் இன எதுகை. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது, ஆசிடை எதுகை. சீவக சிந்தாமணியில் ஏமாங்கத நாட்டைச் சொல்லும் பாட்டில் நான்கு வரியும் இப்படித் தொடங்கும்: காய்மாண்ட, பூமாண்ட, தேமாங்கனி, ஏமாங்கதம். மூன்றில் நெடிலை ஒட்டி 'மா' வருகிறது. முதல் வரியில் மட்டும் நடுவில் ஒரு 'ய்' நுழைந்திருக்கிறது. இப்படி இடையில் வர இலக்கணம் நான்கே மெய்களுக்கு அனுமதி தருகிறது: ய், ர், ல், ழ். நான்கும் இடையினம். வல்லினத்தில் ஒன்றுகூட இல்லை. எந்த ஒலி நுழைந்தால் காது பொறுத்துக்கொள்ளும், எது நுழைந்தால் கலையும் என்று அந்த ஆசிரியர்கள் கேட்டுக் கேட்டுத்தான் வரையறுத்திருக்க வேண்டும். எமிலி டிக்கின்சன் நம்பிக்கையைப் பறவையாகப் பாடிய கவிதையில் 'சோல்', 'ஆல்' என்று இரண்டை இணைக்கிறார். அங்கே மிஞ்சி நிற்கும் மெய்யும் அந்த வழுக்கும் 'ல்'தான். அந்த இணை இதமாக இருப்பதில் இந்த ஒலிக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, தாளில் பாதி ஒத்திருப்பது வாயில் முழுதாக ஒத்துப்போய்விடலாம். எங்கள் பக்கம் பலர் ழகரத்தை ளகரமாகத்தான் சொல்வார்கள். 'வாழை', 'காளை' என்று இன எதுகை வைத்துவிட்டு மென்மை வந்துவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர்கள் படித்தால் அது 'வாளை, காளை', கச்சிதமான எதுகை. ஆகவே கவிதையை நீங்களே படித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதை முன்பின் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். மாற்றிய சொல்லில் அவர் குரல் ஒரு நொடி தயங்கினால் ஓசை வேலை செய்கிறது. தயங்காமல் தாண்டினால் மாற்றம் போதவில்லை. திரும்பிப் போய் அந்த வரியை மறுபடி படித்தால் மாற்றம் கூடிவிட்டது, அச்சுப்பிழை என்று நினைக்கிறார்.

இரண்டாவது, பாட்டாகப் பாடப் போகிறீர்களா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். அட்டையில் அச்சாக, துக்கத்துக்கு வருபவர்கள் கையில் ஆறுதலாக இருக்கட்டும் என்று வீட்டார் 'பழங்காலம்' வரியைத் தேர்ந்தெடுத்தார்கள். பேத்திக்குப் பிடித்தது 'வெறுங்கரம்'. அவள் அத்தை அதை ஒப்பாரி மெட்டில் பாடிப் பார்த்தார். ஒப்பாரியில் வரியின் கடைசியை இழுப்பது வழக்கம், அவரும் 'கரம்' என்பதை இழுத்தார். ககரம் நீண்டு ஏறக்குறைய 'காரம்' ஆனது. நாங்கள் பார்த்துப் பார்த்துக் குறைத்த மாத்திரை திரும்ப வந்து நிரம்பிவிட்டது, உறுத்தல் போய்விட்டது. அளவை வைத்துச் செய்யும் வேலையை மெட்டு அழித்துவிடும். மெய்யை வைத்துச் செய்ததை அழிக்க முடியாது, எவ்வளவு இழுத்தாலும் ல லகரமாகத்தான் கேட்கும். பாடுவதற்கு எழுதினால் மெய்யை மாற்றுங்கள், படிப்பதற்கு எழுதினால் அளவைக் குறைத்துப் பாருங்கள்.